'கட்' சொல்லாத காட்சியை எப்படி எழுதுவது?

'சிங்கிள் ஷாட்டில் ஒரு குறும்படம் எடுக்கப்போகிறோம். கதை ரெடி, நடிக்க ஆள் ரெடி, நல்ல போன் ரெடி. ஸ்கிரிப்ட்டை மட்டும் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.' இப்படி ஒரு கேள்வி, கல்லூரி மாணவர்களிடமிருந்து நமக்கு அடிக்கடி வருகிறது. பார்த்திபனின் 'இரவின் நிழல்' வந்த 2022-க்குப் பிறகு 'ஒரே ஷாட்' என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த வார்த்தையாகிவிட்டது. ஆனால், அதன் ஸ்கிரிப்ட் காகிதம் எப்படி இருக்கும் என்பதைப் பலரும் பார்த்ததில்லை.

சாதாரணமாக ஒரு காட்சியைப் பத்து ஷாட்டாகப் பிரித்து எடுப்போம். நடிகர் ஒரு வசனத்தை இழுத்துவிட்டால் எடிட்டர் வெட்டிக்கொள்வார். நடந்துவருவது போரடித்தால் வாசலில் ஒரு ஷாட், சமையலறையில் ஒரு ஷாட் என்று தாண்டிவிடுவார். சிங்கிள் ஷாட்டில் அந்த வசதி கிடையாது. எடிட்டர் செய்ய வேண்டிய வேலையை எழுதுகிறவரே அடிக்கணக்கிலும் விநாடிக்கணக்கிலும் முன்கூட்டிச் செய்துவைக்க வேண்டும். எப்படி என்று ஒரு காட்சியை எழுதியே பார்த்துவிடுவோம்.

முதலில் டேப் எடுங்கள்

நம் காட்சி இதுதான். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பழைய ஓட்டு வீடு விலைக்கு வந்திருக்கிறது. வாங்குகிறவர் திண்ணையில் உட்கார்ந்து மூலப் பத்திரத்தைக் கேட்கிறார். மகள் மீனா அதை வாங்கிவர அம்மாவைத் தேடி உள்ளே போகிறாள். அம்மா கொல்லையில் கிணற்றடியில் இருக்கிறாள்.

இதை ஏன் ஒரே ஷாட்டில் எடுக்க வேண்டும்? விற்கப்போவது அந்த வீடு. திண்ணையிலிருந்து கிணறு வரைக்கும் மீனாவோடு பார்ப்பவரும் ஒருமுறை நடந்துவிட்டால், எதை விற்கிறார்கள் என்று வசனம் இல்லாமலே புரியும். இப்படி ஒரு காரணம் கிடைக்கவில்லை என்றால் வழக்கம்போல ஷாட் பிரித்து எடுப்பதே நல்லது.

வசனம் எழுதுவதற்கு முன் வீட்டை அளக்க வேண்டும். நம் வீட்டின் அளவு இப்படி: திண்ணை 6 அடி, ரேழி 12, கூடம் 22, சமையல்கட்டு 14, கொல்லைக் கதவிலிருந்து கிணற்றடி 12. மொத்தம் 66 அடி. கேமராவோடு நிதானமாக நடந்தால் விநாடிக்கு 2 அடி என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால், வெறும் நடை மட்டும் 33 விநாடி. இதற்குமேல் எங்கே நிற்கிறாள், எவ்வளவு நேரம் நிற்கிறாள் என்பதுதான் காட்சி.

ஸ்கிரிப்ட் இப்படி இருக்கும்

கே என்றால் கேமரா நிற்கும் இடம். மீ என்றால் மீனாவின் மார்க்.

*காட்சி 7. பழைய வீடு. மாலை 4 மணி. ஒரே ஷாட். உத்தேச நேரம் 2:30.*

0:00 – 0:20. திண்ணை
கேமரா: கே-1, தெருவில். திண்ணை முழுவதும் தெரிகிறது.
மீனா: மீ-1, திண்ணைத் தூண்.
வாங்குபவர்: "எல்லாம் சரிம்மா. மூலப் பத்திரத்தை ஒரு தடவை கண்ணால பாத்துட்டா தேவலை."
மீனா: "அம்மாகிட்டதான் இருக்கு. இருங்க, வாங்கிட்டு வர்றேன்."
கேமரா க்யூ: "வர்றேன்" என்றதும் கிளம்புகிறது. மீனாவுக்கு 4 அடி பின்னால்.

0:20 – 0:40. ரேழி
மீனா: மீ-2, சுவரில் வெறும் ஆணி இருக்கும் இடம். எதிரே தம்பி பாலு, கையில் அப்பா படத்தோடு வருகிறான்.
பாலு: "அக்கா, அப்பா படத்த எங்க வைக்கிறது?"
மீனா: "அதுக்குள்ள ஏன்டா கழட்டுன?"
பாலு: "சித்தப்பாதான் சொன்னாரு."
மீனா: "ஆணிய மட்டும் புடுங்காத."
பாலு கேமராவுக்கு இடதுபுறமாகத் தாண்டித் திண்ணைக்குப் போகிறான்.

0:40 – 1:05. கூடம்
மீனா: முற்றத்துக்கு வலதுபுறத் தாழ்வாரம் வழியாக நேரே போகிறாள். மீ-3, சித்தப்பாவின் நாற்காலி.
கேமரா: அவளை விட்டுப் பிரிந்து முற்றத்துக்கு இடதுபுறமாகச் சுற்றுகிறது. தூண்களுக்கு நடுவே அவளைப் பார்க்கிறது. அவளுக்கு முன்பே சமையல்கட்டுக்குள் போய்விட வேண்டும். கே-3, அடுப்பு மூலை.
சித்தப்பா: "ஆளு வந்தாச்சா?"
மீனா: "வந்துட்டாரு சித்தப்பா. பத்திரம் பாக்கணுமாம்."
சித்தப்பா: "பாக்கட்டும். நீ விலை பத்தி வாயத் தொறக்காத. ஓடு மாத்துனது, மோட்டார் போட்டது, வெள்ளை அடிச்சது... எல்லாம் நான் பேசிக்கிறேன். சரி, போ."

1:05 – 1:30. சமையல்கட்டு
மீனா: வாசற்படி தாண்டி மீ-4, குழாயடி. அவள் முகத்தை முதன்முறையாக நேராகப் பார்க்கிறோம்.
மீனா: "அம்மா?"
பதில் இல்லை. குழாய் திறந்தபடி இருக்கிறது, குடம் நிரம்பி வழிகிறது. குழாயை மூடுகிறாள். அந்த அமைதியில் வெளியே கிணற்று ராட்டினம் கிரீச்சிடுகிறது. திரும்புகிறாள்.

1:30 – 2:30. கொல்லை
கேமரா: மீனாவை முன்னால் விட்டுப் பின்தொடர்ந்து, கொல்லைக் கதவின் நிலைப்படியில் நின்றுவிடுகிறது. கே-4. இதற்குமேல் நகராது.
மீனா: மீ-5, துவைக்கிற கல். அம்மா அதில் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் மஞ்சள் பை.
அம்மா: "கெணத்தப் பாத்தானா அந்த ஆளு?"
மீனா: "இல்லம்மா. பத்திரம் மட்டும் கேட்டாரு."
அம்மா: "தண்ணியப் பாக்காமலே வீடு வாங்குறானா?"
பையை நீட்டுகிறாள். மீனா வாங்கவில்லை. பக்கத்தில் உட்காருகிறாள்.

சித்தப்பா எவ்வளவு பேச வேண்டும்?

மேலே உள்ள காகிதத்தில் கதைக்கு மிக முக்கியமான வசனம் அம்மாவுடையது. ஆனால், ஷாட்டே நிற்பதும் விழுவதும் சித்தப்பாவின் வசனத்தில்தான் இருக்கிறது.

கூடத்தில் மீனா நேர்க்கோட்டில் 22 அடி நடக்கிறாள். 11 விநாடி. கேமராவோ இடதுபக்கம் 9 அடி விலகி, முற்றத்தின் ஓரமாக 22 அடி நடந்து, மறுபடி 9 அடி திரும்பி வர வேண்டும். ஆக 40 அடி, 20 விநாடி. உள்ளே போய் நிலைகொள்ள இன்னும் 3 விநாடி. மொத்தம் 23. மீனா எங்கும் நிற்காமல் போனால் கேமராவுக்கு 12 விநாடி முன்பே சமையல்கட்டுக்குள் போய்விடுவாள். நாம் காட்ட நினைத்த முகம் தவறிவிடும்.

அந்த 12 விநாடிக்கு அவளை நிறுத்திவைக்கத்தான் சித்தப்பா அங்கே உட்கார்ந்திருக்கிறார். அவர் வசனம் 12 விநாடிக்குக் குறையக் கூடாது, 14 இருந்தால் பாதுகாப்பு. அது எவ்வளவு நீளம் என்பதை முற்றத்தின் அகலம் தீர்மானித்துவிட்டது. வேறு வீட்டில் முற்றம் பெரிதாக இருந்தால் அவர் இன்னும் பேசியாக வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல். எல்லா டேக்கிலும் கேமரா அதே 23 விநாடியில் போய்ச் சேராது. ஒருமுறை 21 ஆகும், ஒருமுறை 26 ஆகும். அதனால்தான் சித்தப்பாவுக்குச் செலவுக் கணக்கு கொடுத்திருக்கிறோம். ஓடு, மோட்டார், வெள்ளை. தேவைப்பட்டால் 'கொல்லைச் சுவரு, கரன்ட்டு வேலை' என்று நீட்டிக்கொண்டே போகலாம். அவசரம் என்றால் இரண்டோடு நிறுத்தலாம். இப்படி இழுத்தால் நீள்கிற, விட்டால் சுருங்குகிற வசனம், கேமரா சுற்றிப்போகிற ஒவ்வொரு இடத்திலும் ஒன்று வேண்டும். அம்மாவின் வசனத்தை இப்படி நீட்ட முடியாது என்பதைக் கவனியுங்கள். கதையில் யார் வளவளவென்று பேசுகிற ஆளோ, அவரிடம்தான் இந்த வேலையைக் கொடுக்க முடியும்.

சித்தப்பா எப்போது 'சரி, போ' என்று சொல்ல வேண்டும்? கடிகாரத்தைப் பார்த்து அல்ல. கேமரா இடதுபுறத்தின் கடைசித் தூணைத் தாண்டுவதுதான் அவருக்கு க்யூ. அதனால் அவர் நாற்காலி முற்றத்தைப் பார்த்துப் போடப்பட்டிருக்கிறது. தலையைத் திருப்பாமலே கேமரா தெரியும். கேமராவுக்கு மீனாவின் 'வர்றேன்', சித்தப்பாவுக்குக் கேமரா, மீனாவுக்குச் சித்தப்பாவின் 'சரி, போ'. இப்படி ஒருவர் வேலை அடுத்தவர் வேலையைக் கிளப்பிவிட வேண்டும். காகிதத்தில் எழுதிய நேரம், எந்த இடத்தில் இடிக்கிறது என்று பிறகு கண்டுபிடிப்பதற்கு மட்டும்தான்.

இதே காரணத்தால்தான் அடுப்பில் பால் பொங்குவதாக எழுதாமல் குழாய் வைத்தோம். பாலுக்கு க்யூ கொடுக்க முடியாது. குக்கர் விசிலுக்கும் முடியாது. குழாய் எத்தனை நிமிடம் திறந்திருந்தாலும் மீனாவுக்காகக் காத்திருக்கும்.

தரையில் டேப் ஒட்டாதீர்கள்

சாதாரண ஷாட்டில் நடிகர் நிற்கும் இடத்தில் கலர் டேப் ஒட்டுவார்கள். சுற்றிச்சுற்றி வருகிற கேமரா தரையையும் காட்டிவிடும் என்பதால், இங்கே வீட்டில் இருக்கிற பொருளே மார்க் ஆக வேண்டும். தூண், வெறும் ஆணி, நாற்காலிக் கால், குழாய், துவைக்கிற கல் என்று நம் ஐந்து மார்க்கும் அப்படித்தான். நடிகர் குனிந்து தேட வேண்டியதில்லை. டேப் வேண்டும் என்றால் கேமராக்காரரின் பாதைக்கு ஒட்டலாம். அதுவும் கேமரா திரும்பிப் பார்க்காத இடங்களில் மட்டும்.

கேமரா பின்னோக்கிச் சமையல்கட்டுக்குள் நுழையும்போது ஓர் உதவியாளர் அவருடைய இடுப்பு பெல்ட்டைப் பிடித்து வழிகாட்ட வேண்டும். வாசற்படியில் லேசாக ஒரு தட்டு, 'கால் தூக்கு' என்று அர்த்தம். பேசக் கூடாது, மைக்கில் விழும்.

வெளிச்சத்தையும் காகிதத்திலேயே எழுதுங்கள். ரேழி இருட்டு, முற்றம் வெளிச்சம், சமையல்கட்டு மங்கல், கொல்லை மறுபடி வெளிச்சம். போனை அதன் போக்கில் விட்டால் ஒவ்வொரு வாசலிலும் படம் வெளுத்து, கறுத்துத் துடிக்கும். எக்ஸ்போஷரைக் கூடத்துக்கு ஏற்றபடி லாக் செய்துவிட்டு, ரேழியிலும் சமையல்கட்டிலும் விளக்கு சேர்த்து அவற்றைக் கூடத்தின் அளவுக்குத் தூக்குங்கள். மேற்குப் பார்த்த வீடானால், மாலை 4 மணிக்குக் கொல்லை வீட்டின் நிழலில் இருக்கும். காட்சியின் தலைப்பில் நேரம் போட்டிருப்பது அதற்காகத்தான்.

ஒத்திகை நோட்டு

ஒத்திகையை நான்கு சுற்றாக வையுங்கள். முதலில் உட்கார்ந்து வசனம் மட்டும். இரண்டாவது, வசனம் இல்லாமல் நடை மட்டும். மூன்றாவது, கேமராக்காரர் மட்டும் தன் பாதையில். நான்காவதாக எல்லோரும். ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாக நேரம் குறித்துக்கொள்ள ஒருவர் வேண்டும். மொத்த நேரம் மட்டும் தெரிந்தால் எதையும் சரிசெய்ய முடியாது.

நான்காவது சுற்றில் இப்படி வந்தது என்று வைத்துக்கொள்வோம்: திண்ணை 22 விநாடி, ரேழி 21, கூடம் 40, சமையல்கட்டு 24, கொல்லை 71. மொத்தம் 2:58. திட்டத்தைவிட 28 விநாடி அதிகம். அதில் கூடம் 15, கொல்லை 11. மற்றவை சில்லறை.

கூடத்தில் என்ன நடந்தது? கேமராக்காரர் பக்கவாட்டில் நடக்கிறார். இரண்டு இடத்தில் திரும்ப வேண்டும், தவறினால் முற்றத்துப் பள்ளம். விநாடிக்கு 2 அடி அவரால் முடியவில்லை. சித்தப்பா செலவுக் கணக்கை எவ்வளவு நீட்டினாலும் தீர்ந்துபோய், 'அப்புறம்... அப்புறம்...' என்று நிற்கிறார். மீனாவின் கண் கேமராவைத் தேடுகிறது. சத்தத்தை அணைத்துவிட்டு வீடியோவைப் பாருங்கள். நடிகர் எந்த இடத்தில் கேமராவுக்காகக் காத்திருக்கிறார் என்பது பளிச்சென்று தெரியும்.

கேமராக்காரரை விரட்டினால் படம் ஆடும். வழி வேறு. அவரை முன்கூட்டியே கிளப்ப வேண்டும். ரேழியில் பாலு 'சித்தப்பாதான் சொன்னாரு' என்றதும், கேமரா அவர்களை விட்டுவிட்டுக் கூடத்துக்குப் போய்விடட்டும். 'ஆணிய மட்டும் புடுங்காத' என்ற குரல் பின்னாலிருந்து கேட்கும். நாம் பார்ப்பது வெறுங்கூடமும் வெயில் விழுந்த முற்றமும் சித்தப்பாவும்தான். பிறகு தூண்களுக்கு நடுவே மீனா வருவாள். மீனாவை ஆணிப் பக்கம் சுவரோரம் ஒதுங்கி நிற்கச் சொன்னால் கேமரா தாண்டிப்போக இடம் கிடைக்கும். பாலு, கேமரா தன்னைத் தாண்டிய பிறகே நகர வேண்டும். இந்த மாற்றத்தில் கூடம் 40-லிருந்து 27-க்கு இறங்கலாம். கணக்குக்காகச் செய்த மாற்றம், ஆளில்லாத வீட்டைச் சில விநாடி நமக்குக் காட்டியும் விட்டது.

கொல்லையில் கூடிய 11 விநாடியை என்ன செய்வது? விட்டுவிடுங்கள். அங்கே மீனா காத்திருப்பது கேமராவுக்காக அல்ல, அம்மாவுக்காக. கேமரா நின்றுவிட்டது, அடுத்து யாருக்கும் க்யூ பாக்கி இல்லை. அந்த இடத்தில் நடிகைக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம். திட்டத்தில் 2:30 என்பதை 2:45 என்று திருத்தி எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியில் யாரை வைப்பது?

ஆர்சன் வெல்ஸ் இயக்கிய 'டச் ஆஃப் ஈவில்' 1958-ல் வந்தது. காரில் வெடிகுண்டு வைப்பதில் தொடங்கி, மூன்று நிமிடத்துக்கும் மேல் கிரேனில் மிதந்து போகும் அதன் முதல் ஷாட் இன்றும் பாடம். அந்த ஷாட்டின் முடிவில் எல்லைச் சோதனைச் சாவடி வரும். அங்கே சின்ன வேடத்தில் அதிகாரியாக நடித்தவர் திரும்பத் திரும்ப வசனத்தில் தடுமாறினார். ஒவ்வொரு முறையும் கூட்டம், கார், கிரேன் எல்லாம் தொடக்கத்துக்குத் திரும்ப வேண்டியிருந்தது. கடைசியில் வெல்ஸ், 'வசனம் மறந்தால் வாயை மட்டும் அசையுங்கள், பிறகு டப் செய்துகொள்ளலாம்' என்ற பொருளில் சொல்லிவிட்டாராம். படத்தின் நாயகன் சார்ல்டன் ஹெஸ்டன் பின்னாளில் சொன்ன சேதி இது.

நம் காட்சியில் வாங்குபவராக உள்ளூர் ஆள் ஒருவரை நடிக்கவைக்கலாம். அவர் உளறினால் போவது 20 விநாடிதான். அம்மாவாக நடிப்பவர் உளறினால் போவது முழு டேக். அனுபவம் குறைந்தவர்களை முன்னால் போடுங்கள், தேர்ந்தவரைக் கடைசியில் வையுங்கள்.

எத்தனை டேக் கிடைக்கும்?

ஷாட் 2:45. முடிந்ததும் அப்பா படம் மறுபடி பாலு கைக்குப் போக வேண்டும், வழிந்த தண்ணீரைத் துடைக்க வேண்டும், ஈரப் புடவையை மாற்ற வேண்டும், எல்லோரும் இடத்துக்கு வர வேண்டும். இதற்கு 9 நிமிடமாவது ஆகும். ஆக டேக்குக்கு 12 நிமிடம். கொல்லையில் நல்ல நிழல் 4 முதல் 5 மணி வரை என்றால், ஒரு மாலையில் உங்களுக்கு ஐந்தே டேக். இதையும் ஸ்கிரிப்ட்டின் கடைசி வரியாக எழுதிவிடுங்கள். ஆறாவது டேக் வேண்டும் என்றால் மறுநாள்தான்.

2025-ல் வந்த 'அடோலசென்ஸ்' தொடரை நிறைய பேர் பார்த்திருப்பீர்கள். நான்கு எபிசோடும் தனித்தனியே ஒரே ஷாட். வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்துவிட்டு, நாளுக்கு இரண்டு டேக் என்று எடுத்தார்கள். முதல் எபிசோடில் நாம் பார்ப்பது இரண்டாவது டேக். கடைசி எபிசோடில் பார்ப்பது பதினாறாவது டேக். எது அமையும் என்று முன்பே யாராலும் சொல்ல முடியாது. அதனால் முதல் டேக்கை 'சும்மா ஒரு ட்ரையல்' என்று நினைத்து எடுக்காதீர்கள். ரீசெட் நேரத்தில் ஐந்தையும் பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். நேரம் குறிப்பவரிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள், 'கூடம் எத்தனை விநாடி?' 27-ஐ ஒட்டி இருந்தால் அடுத்த டேக்குக்குப் போங்கள். 35 ஆகியிருந்தால், கேமரா ரேழியிலிருந்து தாமதமாகக் கிளம்புகிறது என்று அர்த்தம். பாலுவிடமும் கேமராக்காரரிடமும் பேசிவிட்டு அப்புறம் 'ஆக்‌ஷன்' சொல்லுங்கள்.

அடுத்த வாரம்: அதே வீடு, அதே 66 அடி. மைக்கை எங்கே ஒளித்துவைப்பது?